தண்டின் நடுவைப் பிடித்தால் ω = 2, நிறை மையத்தைப் பிடித்தால் 12/7: மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

தேன்மொழி_டீச்சர் எழுதியது:

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். நேற்று கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு கணக்குக்கு வகுப்பிலிருந்து இரண்டு விடைகள் வந்தன. எது சரி என்பது எனக்குத் தெரியும். மற்றது எங்கே தவறுகிறது என்பதை அந்தப் பெண்ணின் மனம் ஏற்கும்படி என்னால் சொல்ல முடியவில்லை. இரவெல்லாம் அதே யோசனையாக இருந்தது.

கணக்கு இதுதான். உராய்வே இல்லாத மேசையில் 3 கி.கி. நிறையும் 2 மீட்டர் நீளமும் உள்ள சீரான தண்டு ஓய்வில் கிடக்கிறது. 1 கி.கி. களிமண் உருண்டை, தண்டுக்குச் செங்குத்தாக, நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து ஒரு முனையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மோதிய பின் கோணத் திசைவேகம் எவ்வளவு, இயக்க ஆற்றல் எவ்வளவு?

முதல் மாணவி தண்டின் நடுப்புள்ளியை எடுத்துக்கொண்டாள். மோதுவதற்கு முன் அந்தப் புள்ளியைப் பற்றிய கோண உந்தம் 1 × 4 × 1 = 4. நிலைமத் திருப்புத்திறன் தண்டுக்கு 1, களிமண்ணுக்கு 1, ஆக 2. எனவே ω = 2. ஆற்றலுக்கு, நிறை மையம் நொடிக்கு 1 மீட்டர் நகர்வதால் ½·4·1² = 2 என்று எழுதி, அதோடு ½·2·2² = 4 கூட்டி, 6 ஜூல் என்று முடித்தாள்.

இரண்டாமவள் ஒட்டிய பிறகான மொத்தப் பொருளின் நிறை மையத்தை எடுத்தாள். அது தண்டின் நடுவிலிருந்து களிமண் பக்கமாக 0.25 மீட்டரில் இருக்கிறது. அதைப் பற்றிய கோண உந்தம் 1 × 4 × 0.75 = 3. நிலைமத் திருப்புத்திறன் 1.75. எனவே ω = 12/7. ஆற்றல் 2 + 18/7 = 32/7, அதாவது ஏறக்குறைய 4.57 ஜூல்.

நான் இரண்டாவது சரி என்றேன். முதல் மாணவி எழுந்து, "வெளியிலிருந்து திருப்பு விசை இல்லையென்றால் எந்தப் புள்ளியைப் பற்றியும் கோண உந்தம் மாறாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் மிஸ்? அப்படியானால் நான் எடுத்த புள்ளி மட்டும் ஏன் ஆகாது?" என்றாள். "நிறை மையத்தைப் பற்றித்தான் எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அது பதிலே இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

---

வேலிக்காத்தான் எழுதியது:

இரண்டுமே தவறு என்றல்லவா தோன்றுகிறது? களிமண் வரும்போது ஆற்றல் ½·1·4² = 8 ஜூல். பிறகு 6 என்றாலும் 4.57 என்றாலும் ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழிவின்மையிலிருந்து தொடங்கினால் ஒரே விடைதான் வரும்.

---

தேன்மொழி_டீச்சர்:

களிமண் ஒட்டிக்கொள்கிறது சகோதரரே. அது நசுங்கும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. 8-லிருந்து குறைவதில் எனக்குச் சிக்கல் இல்லை. 6-க்கும் 4.57-க்கும் இடையிலான வித்தியாசம்தான் சிக்கல்.

---

ஆடுதண்டு எழுதியது:

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. சமதளத்தில் சுழன்றபடி நகரும் எந்தத் திடப்பொருளும் எந்த ஒரு கணத்திலும் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றித் தூய சுழற்சியில்தான் இருக்கிறது. நிறை மையப் பங்கு, தற்சுழற்சிப் பங்கு என்று இரண்டாக உடைப்பது வீண் வேலை. அந்தக் கண நேர மையத்தைப் பிடித்தால் ½Iω² ஒன்றே போதும்.

உங்கள் கணக்கிலேயே பாருங்கள். நிறை மையம் நொடிக்கு 1 மீட்டர் போகிறது, ω = 12/7. ஆகவே நிறை மையத்திலிருந்து 7/12 மீட்டரில், களிமண்ணுக்கு எதிர்ப்பக்கம், ஒரு புள்ளி அசையாமல் நிற்கும். அதைப் பற்றிய I = 1.75 + 4·(7/12)² = 28/9. ½·(28/9)·(12/7)² = 32/7. அதே விடை. மாணவர்களுக்கு இந்த ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

---

கல்லணை எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. அவள் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்கூடத் தவறில்லை. மேசையில் தண்டின் நடு இருந்த இடத்தைப் பற்றிய கோண உந்தம் மோதுவதற்கு முன்னும் 4, பின்னும் 4. அந்தப் புள்ளியை எடுத்ததில் பிழை இல்லை. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் எழுதியதில் இருக்கிறது. மோதிய பின் கோண உந்தம் Iω என்று அவள் எழுதிவிட்டாள். பொருள் அந்தப் புள்ளியில் முளையடித்தாற்போல் நின்று சுழன்றால்தான் அது Iω. இங்கே அது நிற்கவில்லை. முழுப் பொருளும் முன்னோக்கி நகர்ந்துகொண்டே சுழல்கிறது.

சரியான வலப்பக்கத்தில் இரண்டு துண்டுகள் இருக்கும். முழு நிறையும் நிறை மையத்தில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் கிடைக்கும் கோண உந்தம் ஒன்று. நிறை மையத்தோடு கூடவே போகிற ஒருவருக்குத் தெரியும் சுழற்சியின் கோண உந்தம் மற்றொன்று. இங்கே 4 கி.கி. நிறை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அவள் எடுத்த புள்ளியிலிருந்து 0.25 மீட்டர் விலகி ஓடுகிறது. அதன் பங்கு 4 × 1 × 0.25 = 1.

```
4 = 1 + 1.75·ω
ω = 3/1.75 = 12/7
```

அவள் விட்டுவிட்டது அந்த 1. அதைச் சேர்த்தால் அவள் புள்ளியிலிருந்தே 12/7 வந்துவிடுகிறது. புள்ளியை மாற்றச் சொல்ல வேண்டியதே இல்லை.

அவளுக்கு இன்னொன்றும் காட்டலாம். அவள் கண்ட ω = 2 வேறொரு கணக்குக்கு முழுக்கச் சரியான விடை. தண்டின் நடுவில் ஆணியடித்து மேசையோடு பொருத்திவிடுங்கள். இப்போது அதே களிமண் வந்து மோதினால் ω = 2 தான். ஆற்றல் ½·2·2² = 4 ஜூல். இதையும் இரண்டாக உடைத்துப் பாருங்கள். நிறை மையம் ஆணியைச் சுற்றி 0.25 மீட்டர் ஆரத்தில் ஓடுவதால் அதன் வேகம் 0.5. கோண உந்தம் 4 × 0.5 × 0.25 = 0.5, தற்சுழற்சிக்கு 1.75 × 2 = 3.5, கூட்டினால் 4. ஆற்றலும் அப்படியே 0.5 + 3.5 = 4. இணை அச்சுத் தேற்றம் என்று தனியாக மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அது இந்த உடைப்பேதான். நிறை மையம் ஆணியைச் சுற்றி வருவதன் பங்கு அந்த Md² என்ற உறுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே அவளுடைய 6 ஜூலில் இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன. ஆணியடித்த கணக்கின் ω-வை எடுத்துக்கொண்டு, ஆணியில்லாத கணக்கின் நகர்வு ஆற்றலை அதன்மேல் கூட்டியிருக்கிறாள். I = 2 என்பதற்குள் ஏற்கெனவே இருக்கும் நகர்வு மறுபடியும் எண்ணப்படுகிறது. விடைத்தாள்களில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான்: ஒரு முனையைப் பற்றிய I-ஐ எழுதுவார்கள், அதன் பக்கத்திலேயே ½MV²-ஐயும் எழுதுவார்கள்.

---

தேன்மொழி_டீச்சர்:

ஐயா, ஆணியடித்த கணக்கை இன்று காலை முதல் பாடவேளையிலேயே சொன்னேன். "அப்படியானால் ஆணியும் ஓர் உதை கொடுத்திருக்க வேண்டுமே" என்று அவளாகவே சொன்னாள். கணக்கிட்டும் பார்த்தோம். முன்பு நேர்கோட்டு உந்தம் 4, பிறகு களிமண் மட்டும் நொடிக்கு 2 மீட்டர் நகர்கிறது, அதனால் 2. மீதி 2-ஐ ஆணி வாங்கிக்கொண்டது. அவள் முகம் தெளிந்துவிட்டது.

ஆனால் இப்போது எனக்கே ஒரு சந்தேகம். நிறை மையத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? தண்டின் நடுவோடு கூடவே நகர்கிற ஒருவரை வைத்து, நடுவின் நகர்வு ஆற்றல் ஒன்று, நடுவைச் சுற்றிய சுழற்சி ஆற்றல் ஒன்று என்று ஏன் உடைக்கக்கூடாது?

---

கல்லணை:

உடைக்கலாம். ஆனால் இரண்டு துண்டுகளாக உடையாது, மூன்றாக உடையும்.

ஏதாவது ஒரு புள்ளி Q-வை எடுங்கள். பொருளின் ஒவ்வொரு துணுக்கின் திசைவேகமும் Q-வின் திசைவேகம் u, அதோடு Q-விலிருந்து பார்க்கத் தெரியும் திசைவேகம் v′. இரண்டின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தினால் u², v′² ஆகியவற்றோடு நடுவில் 2u·v′ என்று ஒன்று வரும். எல்லாத் துணுக்குகளுக்கும் கூட்டும்போது u பொதுவாக வெளியே வந்துவிடும். உள்ளே Σmv′ நிற்கும். Q-விலிருந்து பார்க்கையில் பொருளின் மொத்த உந்தம் அது. நிறை மையத்தோடு போகிறவருக்கு மட்டும் அது எப்போதும் சுழி. நிறை மையம் என்பதன் பொருளே அதுதானே. அதனால் குறுக்கு உறுப்பு மறைந்து, இரண்டே துண்டுகள் சுத்தமாகப் பிரிகின்றன. கோண உந்தத்திலும் இதே காரணத்தால்தான் குறுக்கு உறுப்புகள் மறைகின்றன. கோனிக் 1751-இல் வெளியிட்டதால் அவர் பெயரால் இதை அழைக்கிறார்கள்.

உங்கள் தண்டின் நடுவுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். மோதிய உடனே நடுப்புள்ளியின் வேகம் 1 − (12/7)(1/4) = 4/7.

```
½·4·(4/7)²         = 32/49
4·(4/7)·(3/7)      = 48/49    (குறுக்கு உறுப்பு)
½·2·(12/7)²        = 144/49
கூட்டுத்தொகை        = 224/49 = 32/7
```

நடுவில் இருக்கிற 48/49 சிறிய எண் அல்ல, கிட்டத்தட்ட 1 ஜூல். நிறை மையம் அல்லாத ஒரு புள்ளியை வைத்து இரண்டே துண்டுகளாக எழுதுகிறவர் இழப்பது அதைத்தான்.

ஆடுதண்டு அவர்களுக்கு: நீங்கள் சொன்ன கண நேர மையத்தில் u = 0 என்பதால் முதல் உறுப்பும் குறுக்கு உறுப்பும் ஒருசேரப் போய்விடுகின்றன. அந்தக் கணத்தின் ஆற்றலுக்கு உங்கள் வழி முழுக்கச் சரி. ஆனால் அந்தப் புள்ளி எங்கே என்று கண்டுபிடிக்க V-யும் ω-வும் உங்களுக்கு முன்பே தேவைப்பட்டன, கவனித்தீர்களா? அவற்றை இந்த உடைப்பிலிருந்துதான் எடுத்தீர்கள்.

---

ஆடுதண்டு:

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருளும் உருளைக்குத் தரையைத் தொடும் புள்ளியைப் பற்றி நேரடியாக τ = Iα எழுதுகிறோம், சரியான முடுக்கம் வருகிறது. அங்கே V முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. வழுக்காமல் உருள்கிறது என்பது தெரிந்தாலே தொடுபுள்ளிதான் மையம் என்பது தெரிந்துவிடுகிறது. ஆகவே வழியே தவறு என்று ஒதுக்கிவிட முடியாது.

---

கல்லணை:

ஒதுக்கவில்லை. சீரான உருளைக்கு அது சரிதான். ஏன் சரி என்றால், தொடுபுள்ளி தரையில் நகரும் திசையும் நிறை மையம் நகரும் திசையும் ஒன்றுக்கொன்று இணை. இரண்டுக்கும் இடைத்தூரமும் மாறுவதில்லை. உருளையைப் பாதியாக அறுத்து, வளைந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து ஆட்டிவிடுங்கள். இப்போது நிறை மையம் ஏறி இறங்குகிறது, தொடுபுள்ளியிலிருந்து அதன் தூரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அங்கே τ = Iα என்று மட்டும் எழுதினால் ஓர் உறுப்பு விட்டுப்போகும். சிறிய ஆட்டத்தில் அந்தப் பிழை தெரியாது. ஆட்டத்தைப் பெரிதாக்கினால் தெரியும். நிறை மையத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. நிறை மையம் எப்படி முடுக்கப்பட்டாலும் அதைப் பற்றிய திருப்பு விசை தற்சுழற்சிக் கோண உந்தத்தின் மாற்ற வீதத்துக்குச் சமமாகவே இருக்கும்.

---

இரும்புக்கை எழுதியது:

டீச்சர், உங்கள் கணக்கிலிருந்து சற்று விலகுகிறேன், ஆனால் இதே பள்ளத்தில் நான் மூன்று வாரம் கிடந்திருக்கிறேன். தொழிற்சாலைக்கான இயந்திரக் கைகளுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுவது என் வேலை. தோளில் ஒரு மூட்டு, முழங்கையில் ஒரு மூட்டு, கிடைத்தளத்தில் இயங்கும் கை. மேல்கை, முன்கை இரண்டும் ஒரே நீளம், ஒரே நிறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கையின் இயக்க ஆற்றலை நிறை மையப் பங்கு, தற்சுழற்சிப் பங்கு என்று ஒழுங்காகத்தான் உடைத்தேன். தற்சுழற்சியில் முழங்கை மூட்டின் கோணத் திசைவேகத்தை மட்டும் போட்டுவிட்டேன்.

```
T2 = 0.5*m2*(vx2**2 + vy2**2) + 0.5*I2*w2**2          # தவறு
T2 = 0.5*m2*(vx2**2 + vy2**2) + 0.5*I2*(w1 + w2)**2   # சரி
```

முழங்கை மோட்டாரில் உள்ள உணரி `w2`-வைத்தான் காட்டுகிறது. கையில் கிடைக்கிற எண் அது, அதனால் அதையே எழுதிவிட்டேன். ஆனால் மேல்கையை ஒப்பிட்டு முன்கை எவ்வளவு வேகமாக மடங்குகிறது என்பதைத்தான் அது சொல்லும். தற்சுழற்சிக்கு வேண்டியது தரையை ஒப்பிட்ட கோணத் திசைவேகம், அதாவது இரண்டின் கூட்டுத்தொகை.

இந்தப் பிழையைப் பிடிப்பது ஏன் கடினமாக இருந்தது என்று சொல்கிறேன். மோட்டார்களை அணைத்துவிட்டுக் கணினியில் ஓட விட்டால் மொத்த ஆற்றல் மாறாமல் நேர்கோடாக இருந்தது. அதைப் பார்த்து நிரல் சரி என்றே நம்பிவிட்டேன். தவறான T-யிலிருந்து இயக்கச் சமன்பாடுகளை வருவித்தால், அவை அந்தத் தவறான T-யையே மாறாமல் காக்கும். ஆற்றல் நிலையாக இருப்பது சரியான உடைப்புக்குச் சான்று ஆகாது. உண்மையான கை, நிரல் கணித்த திருப்பு விசைக்குச் சோம்பலாக அசைந்தபோதுதான் ஐயம் வந்தது.

கடைசியில் ஒரு தாளில் முடிந்துபோன சோதனை இது. முழங்கையைப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன், w2 = 0. கை நீட்டியிருந்தால் அது 2m நிறையும் 2L நீளமும் உள்ள ஒரே தண்டு; தோளைப் பற்றி 32/12 mL² வர வேண்டும். என் நிரல் 31/12 கொடுத்தது. வித்தியாசம் சிறிதாக இருந்ததால் அளவீட்டுப் பிழை என்று விட்டிருப்பேன். கையை முழுக்க மடக்கி அதே சோதனையைச் செய்தபோது 8/12 வர வேண்டிய இடத்தில் 7/12 வந்தது. எட்டில் ஒரு பங்கு காணவில்லை. மடக்கிய கையில் நிறை மையம் தோளுக்கு அருகில் இருப்பதால் அதன் பங்கு சுருங்கிவிடுகிறது, விட்டுப்போன தற்சுழற்சி பளிச்சென்று தெரிகிறது.

---

பனைமரக்காடு எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் புத்தகத்தில் திணிவு மையம் என்று இருக்கும், நீங்கள் நிறை மையம் என்கிறீர்கள், விளங்குகிறது. இரும்புக்கை அண்ணா சொன்னதைப் பார்த்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது. ஆகவே அதற்குத் தற்சுழற்சியே இல்லை, பூமியைச் சுற்றுவது மட்டும்தான் என்று என் தம்பி பிடிவாதமாக நிற்கிறான். முழங்கையைப் பூட்டின கை போலத்தானா அதுவும்?

---

இரும்புக்கை:

அதே கதைதான் தம்பி. திருவிழாவில் நிற்கிற ராட்சத ராட்டினத்தை நினைத்துக்கொள். அதன் பெட்டிகள் அச்சில் தொங்குவதால் மேலே போனாலும் கீழே வந்தாலும் நிமிர்ந்தே இருக்கின்றன. பெட்டியின் கூரை எப்போதும் வானத்தைப் பார்க்கிறது. அந்தப் பெட்டிக்குத் தற்சுழற்சி சுழி, நிறை மையப் பங்கு மட்டும்தான். அச்சை இறுக்கிப் பெட்டியைச் சக்கரத்தோடு பற்றவைத்துவிட்டதாக வைத்துக்கொள். இப்போது பெட்டியின் தரை எப்போதும் வெளிப்பக்கம் பார்க்கும், உச்சிக்குப் போகும்போது உள்ளே இருப்பவர்கள் தலைகீழாகத் தொங்குவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முறை பெட்டி தானும் சுழன்றுவிட்டது. சந்திரன் பற்றவைத்த பெட்டி.

எண்ணாகப் பார்த்தால் தம்பியின் பிடிவாதத்துக்கும் கொஞ்சம் காரணம் இருக்கிறது. பூமியின் மையத்தைப் பற்றிய சந்திரனின் கோண உந்தத்தில் தற்சுழற்சியின் பங்கு, நிறை மையப் பங்கில் ஏறக்குறைய 1,25,000-இல் ஒன்று. சந்திரனின் ஆரம் 1,737 கி.மீ., தூரம் 3,84,400 கி.மீ. இரண்டு அசைவுக்கும் ω ஒன்றே என்பதால் 0.39·R²/d² என்று நீயே போட்டுப் பார்க்கலாம்.

---

பனைமரக்காடு:

போட்டுப் பார்த்தேன், வருகிறது. தம்பிக்கு ஒரு டம்ளரை மேசையில் சுற்றிக் காட்டியும் விட்டேன். ஆனால் "பூமியின் மையத்தைப் பற்றி" என்று சொன்னீர்கள். சூரியனைப் பற்றி எடுத்தால் தற்சுழற்சியின் அளவும் மாறுமா?

---

கல்லணை:

மாறாது. நீங்கள் எந்தப் புள்ளியை எடுத்தாலும் மாறுவது நிறை மையப் பங்கு மட்டுமே. டீச்சரின் தண்டிலேயே பாருங்கள். நடுவைப் பற்றி 4 = 1 + 3. நிறை மையத்தின் பாதையிலேயே ஒரு புள்ளியை எடுத்தால் 3 = 0 + 3. ஆடுதண்டு சொன்ன கண நேர மையம் மேசையில் இருந்த இடத்தைப் பற்றி 16/3 = 7/3 + 3. அந்த 3 எங்கும் அசையவில்லை. தற்சுழற்சி பொருளுக்குச் சொந்தமானது. நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்வது மற்ற பங்கு.

---

தேன்மொழி_டீச்சர்:

ஆடுதண்டு சொன்ன அந்த அசையாத புள்ளி என்னை விடவில்லை. நிறை மையத்திலிருந்து 7/12 என்றால், தண்டின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கமாக 1/3 மீட்டர். அதாவது நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. களிமண்ணின் நிறையை 2 கி.கி. ஆக்கிப் பார்த்தேன், அப்போதும் ஆறில் ஒரு பங்கே வந்தது. 5 கி.கி. ஆக்கினாலும் அதே. தண்டு வாங்கும் உதை எவ்வளவாக இருந்தாலும் V-யும் ω-வும் ஒரே விகிதத்தில் கூடுவதால்தான் அப்படி, சரிதானே ஐயா?

அப்படியானால் 30 செ.மீ. அளவுகோலை 30-ஆம் குறியில் அடித்தால் 10-ஆம் குறி அசையாமல் நிற்க வேண்டும். வீட்டிலிருந்து கேரம் பலகையை வகுப்புக்கு எடுத்துப்போனேன். நிறையப் பவுடர் தூவி, மர அளவுகோலை வைத்து, ஸ்ட்ரைக்கரால் முனையில் செங்குத்தாகச் சுண்டினோம். ஒரு மாணவி கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தாள். 10-ஆம் குறியில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தோம். அடி விழுந்ததும் 15 முன்னே போகிறது, 0 பின்னே வருகிறது, சிவப்புப் புள்ளி நிற்கிறது! ஆனால் அடுத்த சில படங்களிலேயே அது அடித்த முனையை நோக்கி, அளவுகோலின் நீளவாக்கில் நகரத் தொடங்கிவிட்டது. அடி விழுந்த திசையில் அல்லவா நகர வேண்டும்? சுண்டியது கோணலாகிவிட்டதோ என்று மாணவிகள் ஐந்தாறு முறை திரும்பச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்படியே.

---

கல்லணை:

நிறையைப் பற்றி நீங்கள் சொன்ன காரணம் சரி. சுண்டியதும் கோணலாகவில்லை, மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

சிவப்புப் புள்ளியின் திசைவேகம்தான் சுழி, முடுக்கம் சுழி இல்லை. அளவுகோலின் நிறை மையம் சீரான வேகத்தில் போகிறது. அதைச் சுற்றி வட்டமிடுகிற சிவப்புப் புள்ளிக்கு நிறை மையத்தை நோக்கி முடுக்கம் இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து அது முதலில் அசையும் திசை அதுவே, உங்கள் பலகையில் 10-லிருந்து 15-ஐ நோக்கி. பிறகு வளைந்து முன்னோக்கிப் போகும். உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய சுண்ணாம்புப் பொட்டு தரையிலிருந்து எழும்போது போடுமே, அந்தக் கோடு. சக்கரத்திலும் அந்தப் பொட்டு தரையைத் தொடும் கணத்தில் நிற்கிறது, பிறகு நேர் மேலே, அச்சை நோக்கி எழுகிறது. படங்களை அடுக்கிப் புள்ளியின் பாதையை வரைந்து பாருங்கள்.

---

வேலிக்காத்தான்:

முதலில் கேள்வியையே தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னியுங்கள். நானும் வீட்டில் கேரம் பலகையில் செய்து பார்த்தேன். ஒரு விஷயம் கவனித்தேன். எவ்வளவு பவுடர் போட்டாலும் அளவுகோல் கடைசியில் நின்றுவிடுகிறது அல்லவா? நகர்வும் சுழற்சியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நிற்கின்றன. இரண்டும் தனித்தனிப் பங்கு என்றால் தனித்தனியாக அல்லவா நிற்க வேண்டும்?

---

இரும்புக்கை:

ஆற்றலும் கோண உந்தமும் இரண்டாகப் பிரிவதால் அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும் என்று ஆகாது. நிறை மையத்துக்கு ஒரு சமன்பாடு, தற்சுழற்சிக்கு ஒரு சமன்பாடு என்று எழுதலாம். ஆனால் உராய்வு ஒவ்வொரு துணுக்கிலும் அந்தத் துணுக்கின் திசைவேகத்துக்கு எதிராக வேலை செய்கிறது, அந்தத் திசைவேகத்தில் V-யும் ω-வும் கலந்திருக்கின்றன. வேகமாகச் சுழலும் பொருளில் துணுக்குகளின் உராய்வு பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், நகர்வைத் தடுக்கும் விசை குறைவு. சுழற்சி குறைய நகர்வின்மேல் தடை கூடுகிறது. எது பின்தங்கியிருக்கிறதோ அதன்மேல் தடை இளகுகிறது. சீரான வட்டத் தட்டுக்கு இரண்டும் ஒரே கணத்தில் நிற்கும் என்பது நிறுவப்பட்டது. கேரம் காயைச் சுழற்றித் தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.

---

ஆடுதண்டு:

தட்டுக்குச் சரி. அளவுகோல் வட்டம் இல்லையே. நீளவாக்கில் நகரும்போது ஒரு மாதிரி, குறுக்காக நகரும்போது ஒரு மாதிரி உராய்வு விழும். அதற்கும் அப்படியே பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

---

கல்லணை:

அளவுகோலுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். பவுடர் ஒரே சீராகப் பரவாத பலகையில் "கிட்டத்தட்ட ஒரே நேரம்" என்பதை வைத்து முடிவு கட்டவும் முடியாது.

---

தேன்மொழி_டீச்சர்:

படங்களிலிருந்து எண் எடுத்துவிடலாம் என்று மாணவிகள் சொல்கிறார்கள். 0, 15, 30 மூன்று குறிகளிலும் மைப்புள்ளி வைத்து, கடைசி அரை நொடியில் V எப்படிக் குறைகிறது, ω எப்படிக் குறைகிறது என்று வரைபடத்தாளில் குறிக்கப்போகிறோம். பிறகு 30-ஆம் குறியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டி மறுபடியும் செய்வோம். அப்போது 15-ஐ விட்டுவிட்டுப் புது நிறை மையத்தில் புள்ளி வைக்க வேண்டும் என்று முதல் நாள் கேள்வி கேட்ட பெண்ணே சொன்னாள். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருக்கிறது, எண்களை அன்று மாலை இங்கேயே போடுகிறேன்.